சம்பளத்துக்குப் பதில் பங்கு: நம்பவில்லை என்று தோன்றாமல் எப்படி மறுப்பது?

நடுப்பகல்

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் டீம் லீடாக இருந்தவர் இப்போது சொந்தமாக ஸ்டார்ட்அப் ஆரம்பித்திருக்கிறார். மொத்தம் நான்கு பேர். வெளி முதலீடு இன்னும் வரவில்லை. போன வாரம் கூப்பிட்டு ஆஃபர் சொன்னார். இப்போது நான் வாங்கும் சம்பளத்தில் 35 சதவீதம் பணமாக வரும். மீதிக்கு ஈடாக நிறுவனத்தில் 1.5 சதவீதப் பங்கு. நான்கு வருட வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என் பெயருக்கு வரும். முதல் வருடம் கிளிஃப், அதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக் கடன் தவணையும் அம்மாவின் மருந்துச் செலவும் சேர்ந்தாலே அந்த 35 சதவீதம் தீர்ந்துவிடும். முடிவில் எனக்குக் குழப்பம் இல்லை, அதைச் சொல்வதில்தான் குழப்பம். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். "உன்னை நம்பித்தான் கேட்கிறேன்" என்று வேறு சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம் நான் எதைச் சொன்னாலும் "நான் உங்களை நம்பவில்லை" என்பது போலவே என் காதில் விழுகிறது.

இதுதான் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை:

"அண்ணா, உங்கள் ஐடியா அருமை. உங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. இந்த நிறுவனம் கண்டிப்பாகப் பெரிதாக வரும். ஆனால் ஸ்டார்ட்அப் என்றால் ரிஸ்க் இருக்கத்தான் செய்யும், பெரும்பாலானவை தேறுவதில்லை என்கிறார்கள். பங்கின் மதிப்பு என்னவென்று தெரியாத நிலையில் இப்போதைக்கு முடியாது என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு பார்க்கலாம்."

எங்கே உறுத்துகிறது, சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்

பங்கு கொடுத்தால் வேண்டாம் என்பதா? எங்கள் கம்பெனியில் வருடா வருடம் கொடுக்கிறார்கள், நான் பாதியை விற்றுக் கடனை அடைத்தேன். வாங்கி வையுங்கள், கைக்கு வருவதை ஏன் தள்ள வேண்டும்?

நடுப்பகல்

உங்களுடையது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்று நினைக்கிறேன். நீங்கள் நினைத்த நாளில் விற்கலாம், சம்பளமும் முழுதாக வருகிறது. எனக்குச் சொன்னது சம்பளத்துக்குப் *பதிலாக*. விற்க இடமே கிடையாது.

கடைசி பெஞ்ச்

ஓ, பதிலாகவா. தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை. அப்படியானால் நானும் வாங்க மாட்டேன்.

உரத்த சிந்தனை

இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பட்டியலிடாத நிறுவனத்தின் பங்கு வெறும் காகிதம், அவ்வளவுதான். நேரடியாக மறுக்க முடியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது: கேள்வி கேளுங்கள். யாரிடம் எவ்வளவு பங்கு என்று காட்டும் கேப் டேபிள் அனுப்பச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை பங்கு, கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும், வேலையை விட்டால் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். ஒழுங்கான பதில் வராது. வராததையே காரணமாகக் காட்டி விலகிவிடலாம். நீங்கள் மறுத்த மாதிரியும் இருக்காது.

பாதி நிலா

அந்தக் கேள்விகளை நான் கேட்காமல் போனேன். என் கதை இது.

பாதிச் சம்பளம், 1 சதவீதப் பங்கு. பத்தாவது மாதம் எனக்கும் நிறுவனருக்கும் ஒத்துவராமல் போனது. சண்டை என்று சொல்ல முடியாது, இரண்டு பேருக்கும் வேறு வேறு விதமாக வேலை செய்யத்தான் பிடித்திருந்தது. வெளியே வந்தேன். கிளிஃப் பன்னிரண்டு மாதம். பத்து மாதம் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்ததற்குக் கையில் ஒரு பங்கு கூட இல்லை. பத்து மாதத்துக்கு விகிதப்படி வரும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அவர் என்னை ஏமாற்றவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல், கோபப்படக்கூட ஆள் இல்லை.

பழைய ஏடு

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்க்கிற வேலை என்னுடையது. இந்த மாதிரி ஆஃபர் நிறையவே என் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் உரத்த சிந்தனை சொன்னது. கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். ஆனால் நடுப்பகல் அவற்றைக் கேட்கக் கூடாது. இவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். கேப் டேபிள் ஒரு நிறுவனத்தின் உள்வீட்டு விவரம். அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் "வேண்டாம்" என்றால் அவருக்கு என்ன தோன்றும்? "கணக்கைப் பார்த்தாள், பார்த்த பிறகு நம்பவில்லை" என்றுதான் தோன்றும். எதைத் தவிர்க்க நினைக்கிறாரோ அதே இடத்துக்கு இன்னும் சுற்றிப் போய்ச் சேருவார். பதில் என்னவாக இருந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால் கேள்வியே கேட்காதீர்கள். மாறும் என்றால் மட்டும் கேளுங்கள், அப்போது அது சந்தேகமாகத் தெரியாது, அக்கறையாகத்தான் தெரியும்.

இரண்டாவது, பங்கு வெறும் காகிதம் என்பதும் பாதிதான் சரி. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் எழுத அல்ல, உங்கள் மனது குற்றவுணர்ச்சி இல்லாமல் இருக்க அதைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஒரு மாத முழுச் சம்பளத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 0.65 விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். 48 மாதத்துக்கு 31.2. அதாவது இரண்டரை வருடச் சம்பளத்துக்கும் மேல் அவருடைய நிறுவனத்தில் நீங்கள் முதலீடு செய்கிறீர்கள். வேலைக்குச் சேருவது போல இருந்தாலும் நடப்பது இதுதான்.

இனி அந்த 1.5 சதவீதம். அது அப்படியே நிற்காது. முதலீடு வரும்போதெல்லாம் புதிய பங்குகள் வெளியிடுவார்கள், எல்லோருடைய விகிதமும் சுருங்கும். இரண்டு சுற்று முதலீடு, ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் புதியவர்களுக்குப் போகிறது என்று வைத்தால் 1.5, 1.2 ஆகி, அப்புறம் 0.96 ஆகும். விட்டுக்கொடுத்த 31.2 மாதச் சம்பளம் அந்த 0.96 சதவீதத்திலிருந்து திரும்ப வர வேண்டுமானால் நிறுவனம் உங்கள் 3250 மாதச் சம்பளத்துக்கு விற்கப்பட வேண்டும். அதுவும் அசல் மட்டும். காத்திருந்ததற்கும் ரிஸ்க்குக்கும் இதில் ஒன்றும் சேர்க்கவில்லை.

நன்றாக விற்றாலும் ஒரு சிக்கல் உண்டு. முதலீட்டாளர்களின் பங்கு வேறு ரகம். பெரும்பாலும் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கும். உங்களுடையது சாதாரணப் பங்கு, வரிசையில் கடைசி. இரண்டு சுற்றிலும் சேர்த்து 1000 மாதச் சம்பளத்துக்கு ஈடான பணம் போட்டிருக்கிறார்கள், நிறுவனம் 1500-க்கு விற்கிறது என்று வையுங்கள். அவர்கள் கையில் இருப்பது 36 சதவீதம். விகிதப்படி எடுத்தால் 540-தான் வரும், அதனால் உரிமையைப் பயன்படுத்தி 1000-ஐ எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 500. மீதி 64 சதவீதத்தில் உங்கள் பங்கு 0.96, அதாவது அந்த 500-இல் 1.5 சதவீதம். 7.5 மாதச் சம்பளம் கிடைக்கும். கொடுத்தது 31.2. வெளியில் இருந்து பார்த்தால் அது வெற்றிகரமான விற்பனை, செய்தியில்கூட வரும்.

இதற்கும் அவருடைய நேர்மைக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தங்கமான மனிதராக இருந்தாலும் கணக்கு இதேதான். உங்கள் மறுப்பு அவரைப் பற்றியது அல்ல என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால்தான் கடிதத்திலும் அப்படி வரும்.

பாதி நிலா

ஐயோ, இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லையே. 1 சதவீதம் என்றதும் அது என்றைக்கும் 1 சதவீதம் என்றே நினைத்தேன்.

உரத்த சிந்தனை

சரி, கேள்வி கேட்டுத் தப்பிக்கிற யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கணக்கு இவ்வளவு மோசமாக இருந்தால் பங்கை அதிகமாகக் கேட்கலாமே? 1.5-க்குப் பதில் 5 கேளுங்கள். நான்கு பேர் இருக்கிற இடத்தில் 5 பெரிய விஷயமில்லை. கொடுக்கவில்லை என்றால் அவர்தான் மறுத்ததாக ஆகிவிடும்.

பழைய ஏடு

அதிகப் பங்கு தவணை கட்டாது. நடுப்பகலுக்குப் பிரச்சினை மாதா மாதம் வர வேண்டிய பணம். 5 கேட்டு அண்ணன் சரி என்றுவிட்டால் இவர் என்ன செய்வார்? அப்போது மறுப்பதற்கு எந்தக் காரணமும் மிச்சம் இருக்காது. கொடுத்தாலும் வாங்க முடியாததைப் பேரம் பேசக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பங்குக்குப் பல நாடுகளில் கையில் பணம் வரும் முன்பே வரி கட்ட வேண்டிய நிலை வரலாம். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பங்கு அதிகமானால் அந்தச் சுமையும் கூடும்.

ஒருகாலத்து நிறுவனர்

மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். என் நிறுவனம் மூன்று வருடம் ஓடியது, இப்போது இல்லை. ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேரிடம் இதே மாதிரி கேட்டிருக்கிறேன். மறுத்தவர்களில் சிலர் இன்னும் நண்பர்கள், சிலருடன் பேச்சு நின்றுவிட்டது. வித்தியாசம் எங்கே என்று யோசித்திருக்கிறேன்.

மறுப்பு என்னைக் காயப்படுத்தியதில்லை. ஜோசியம்தான் காயப்படுத்தியது. "பெரும்பாலானவை தேறுவதில்லை" என்று ஒருவர் எழுதியபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இறங்கினேன். அதை என்னிடமே சொல்வது, கல்யாண வீட்டில் விவாகரத்துப் பற்றிப் பேசுவது போல.

உங்கள் கடிதத்தை வரி வரியாக, பெறுகிறவன் காதில் எப்படி விழும் என்று சொல்கிறேன்.

"முழு நம்பிக்கை இருக்கிறது", "கண்டிப்பாகப் பெரிதாக வரும்": படித்தவுடன் எனக்குத் தோன்றும் கேள்வி, "அப்படியானால் ஏன் வரவில்லை?" நம்பிக்கையை இவ்வளவு ஏற்றிவிட்டு அடுத்த வரியில் "ஆனால்" போட்டால் முன்னால் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பாராட்ட வேண்டும் என்றால் நீங்கள் உண்மையில் பார்த்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் காட்டிய டெமோவில் எது பிடித்ததோ அதைச் சொன்னால் போதும்.

"பங்கின் மதிப்பு தெரியாத நிலையில்": இது எனக்குக் கதவைத் திறந்து விடுகிறது. உடனே ஒரு எக்செல் ஷீட் அனுப்புவேன். ஐந்து வருடத்தில் எவ்வளவு ஆகும் என்று பச்சை நிறத்தில் காட்டுவேன். அப்புறம் நீங்கள் அந்த ஷீட்டையும் மறுக்க வேண்டிவரும், அதுதான் நிஜமான அவநம்பிக்கை.

"இப்போதைக்கு முடியாது என்று நினைக்கிறேன்", "பிறகு பார்க்கலாம்": முடியுமா முடியாதா? நான் இன்னும் இரண்டு மாதம் உங்களுக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பேன். அப்படி ஒருவருக்காகக் காத்திருந்து நல்ல ஆள் ஒருவரைத் தவறவிட்டேன். கோபம் வந்தது அங்கேதான், மறுத்ததற்காக இல்லை, இழுத்ததற்காக.

"தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்": இதைப் படித்த பிறகுதான் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது என்று தேடுவேன்.

நடுப்பகல்

ஒரு வரிகூட மிஞ்சவில்லை! "அண்ணா" மட்டும் தப்பித்தது.

அப்படியானால் எனக்குப் பணம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதுமா? வீட்டுக் கடன், அம்மாவின் உடம்பு எல்லாம் எழுத வேண்டுமா? எழுதினால் பரிதாபம் தேடுவது போல இருக்காதா?

பழைய ஏடு

எழுத வேண்டாம். செலவைப் பட்டியல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்வு யோசிப்பார். அண்ணன் அல்லவா. கடனை மாற்றி அமைக்கலாமே, ஆறு மாதம் சமாளிக்க முடியாதா என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார், ஆனால் உங்கள் வீட்டுச் செலவு அவருடைய மேசையில் விவாதமாகிவிடும்.

அதற்குப் பதில் ஒரு எண் சொல்லுங்கள். "மாதம் இவ்வளவுக்குக் கீழே என்னால் முழு நேர வேலை எடுக்க முடியாது." எண்ணோடு வாதாட முடியாது. அது அவருடைய நிறுவனத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் வேறு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அதே எண்தான். ஒருவிதத்தில் அதுதான் நம்பிக்கை பிரச்சினை இல்லை என்பதற்குச் சாட்சி.

உரத்த சிந்தனை

எண் சொல்வது ஆபத்து. நாளைக்கு அவர் கடன் வாங்கியாவது அந்த எண்ணைக் கொடுத்தால்? அப்போது போக வேண்டிவருமே.

பழைய ஏடு

நல்ல கேள்வி. அதனால்தான் அந்த எண் பொய்யாக இருக்கக் கூடாது. அந்தச் சம்பளம் வந்தால் நடுப்பகல் உண்மையிலேயே சேருவாரா? சேருவார் என்றால் எண்ணைச் சொல்லலாம். எவ்வளவு கொடுத்தாலும் சேர மாட்டார் என்றால், வேலை பிடிக்கவில்லை, சிறு இடம் பிடிக்கவில்லை என்றால், பணத்தைக் காரணம் காட்டவே கூடாது. காட்டினால் ஒருநாள் அவர் அந்தப் பணத்தோடு வந்து நிற்பார்.

நடுப்பகல், உங்கள் நிலை என்ன?

நடுப்பகல்

இன்று முழுக்க இதைத்தான் யோசித்தேன். இப்போதைய சம்பளத்தில் 80 சதவீதம் பணமாக வந்தால் சேருவேன். வேலை பிடித்திருக்கிறது, அவரோடு வேலை செய்யவும் பிடிக்கும். 20 சதவீதத்தை விட்டுக்கொடுக்க முடியும், அதற்கு ஈடாகப் பங்கு கொஞ்சம் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் குடி முழுகாது. 80-க்குக் கீழே போனால் மாதக் கடைசியில் கடன் வாங்க வேண்டும்.

ஒருகாலத்து நிறுவனர்

இதையே எழுதுங்களேன். இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும். நான்கு பேர், முதலீடு இல்லாத இடத்தில் 80 சதவீதம் கொடுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெறும் எண்ணைப் போட்டு நிறுத்தினால் கதவைச் சாத்தியது போல இருக்கும். அவரால் *இன்று* கொடுக்க முடிந்ததற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று ஒரு வரி சேருங்கள். என்னிடம் மறுத்த ஒருவர், "வாரம் ஒரு நாள், அதற்கு உண்டான பணத்துக்கு வருகிறேன்" என்றார். ஒன்றரை வருடம் வந்தார். மறுத்த ஆட்களிலேயே எனக்கு அதிகம் உதவியது அவர்தான்.

பாதி நிலா

இலவசமாகச் செய்து கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுத்த குற்றவுணர்ச்சியில் நான் இன்னொரு நண்பனுக்கு அப்படிச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போயிற்று. மூன்றாவது மாதம் "இன்னும் முடியலையா?" என்று அவன் கேட்டான். நட்பும் போனது.

பழைய ஏடு

ஆமாம். கணக்கு எளிது: 35 சதவீதப் பணம் என்றால் ஐந்து நாள் வாரத்தில் ஒன்றே முக்கால் நாள். இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் 40 சதவீதம், அவர் தருவதாகச் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் அந்த இரண்டு நாள் முழுச் சம்பள விகிதத்தில், பணமாக.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தின் ஒப்பந்தத்தில் வெளிவேலை செய்யக் கூடாது என்று இருக்கிறதா? நீங்கள் எழுதுவதெல்லாம் அவர்களுக்கே சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கிறதா? இருந்தால், நீங்கள் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த புரோகிராமுக்கு உங்கள் கம்பெனி உரிமை கேட்கலாம். பின்னால் முதலீட்டாளர் வந்து நிறுவனத்தைத் துருவிப் பார்க்கும்போது அது பெரிய தலைவலி. உதவப் போய் அவருக்கே உபத்திரவம் செய்ததாகிவிடும்.

நடுப்பகல்

அதை யோசிக்கவே இல்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். முன் அனுமதி இல்லாமல் வெளிவேலை கூடாது என்று இருக்கிறது. அனுமதி கேட்கலாம், கிடைக்குமா தெரியாது.

இரண்டாவது கடிதம்:

"அண்ணா, யோசித்துப் பார்த்தேன். இந்த ஆஃபரில் என்னால் சேர முடியாது. மாதம் பணமாக இப்போதைய சம்பளத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே நான் எந்த இடத்திலும் முழு நேர வேலை எடுக்க முடியாத நிலை. பங்கு கூடினாலும் அது மாறாது, அதனால் அந்தப் பங்கை முழு நேரம் வரக்கூடிய ஒருவருக்கு வையுங்கள். எனக்காக இடத்தை வைத்திருக்க வேண்டாம்.

அன்று நீங்கள் காட்டியதில், வாடிக்கையாளர் பாதியில் விட்டுப்போன படிவம் அழியாமல் அப்படியே சேமித்து வைக்கப்பட்டிருந்தது பிடித்திருந்தது. அந்தப் பகுதியில் வேலை செய்ய ஆசை. வாரம் இரண்டு நாள், அதற்கு உண்டான சம்பளத்துக்கு வர முடியுமா என்று என் கம்பெனியில் அனுமதி கேட்டுப் பார்க்கட்டுமா? உங்களுக்கு உபயோகப்படும் என்றால் மட்டும்."

ஒருகாலத்து நிறுவனர்

இது எனக்கு வந்திருந்தால் பத்து நிமிடம் வருத்தப்பட்டிருப்பேன், அப்புறம் அடுத்த ஆளைத் தேடப் போயிருப்பேன். நல்ல கடிதம். "எனக்காக இடத்தை வைத்திருக்க வேண்டாம்" என்பது கடுமையாகத் தெரியலாம், எடுக்காதீர்கள். அதுதான் இதில் அன்பான வரி.

உரத்த சிந்தனை

எனக்கு ஒரு வரி குறைகிறது. "முதலீடு வந்தால் சொல்லுங்கள், வருகிறேன்" என்று போடலாமே? அதுதான் நம்பிக்கையைக் காட்டும்.

ஒருகாலத்து நிறுவனர்

எனக்கும் அது பிடிக்கும். கேட்க இதமாக இருக்கும்.

பழைய ஏடு

எனக்குப் பிடிக்காது. பணம் வந்த பிறகு வருகிறேன் என்பது, ரிஸ்க் எல்லாம் நீங்கள் எடுங்கள், அப்புறம் நான் வருகிறேன் என்றும் கேட்கும். அதோடு அது வாக்குறுதி. ஒரு வருடம் கழித்து உங்கள் நிலை மாறியிருக்கலாம். 80 என்ற எண் கடிதத்திலேயே இருக்கிறது, முதலீடு வந்தால் அவருக்கே கூப்பிடத் தெரியும்.

ஒருகாலத்து நிறுவனர்

இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. முதலீட்டாளரிடம் பேசும்போது "பணம் வந்தால் இந்த ஆள் சேருவார்" என்று சொல்ல ஒரு பெயர் இருந்தாலே எங்களுக்குப் பெரிய பலம். அதை நீங்கள் வாக்குறுதியாகப் பார்க்கிறீர்கள், நான் உதவியாகப் பார்க்கிறேன்.

பழைய ஏடு

அந்தப் பெயரை இவருடைய சம்மதம் இல்லாமல் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் என் பயம். ஒன்று செய்யலாம். போனில் பேசும்போது அவராகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கடிதத்தில் வேண்டாம்.

பாதி நிலா

கடிதமா போனா? இதுவே பெரிய கேள்வி. நான் என்றால் நேரில் போயிருப்பேன். அண்ணன் என்கிறீர்கள், வாட்ஸப்பில் மறுத்தால் அதுவே மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

பழைய ஏடு

முதலில் போன், "முடியாது" என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். நலம் விசாரித்து, டெமோவைப் பாராட்டி, கால் மணி நேரம் கழித்துச் சொன்னால் அந்தக் கால் மணி நேரமும் நடிப்பு ஆகிவிடும். அப்புறம் எண்ணும் இரண்டு நாள் விஷயமும் எழுத்தில். எண்ணைப் போனில் மட்டும் சொன்னால் 80 என்பது ஒரு வாரத்தில் 60 ஆகி அவர் நினைவில் நிற்கும். வேண்டுமென்று செய்ய மாட்டார்கள், ஆசை அப்படி.

நடுப்பகல்

பேசிவிட்டேன். எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

எடுத்தவுடன் சொன்னேன், "அண்ணா, என்னால் சேர முடியாது." இரண்டு நொடி சத்தம் இல்லை. அப்புறம் "பங்கு கம்மியா இருக்கா? ரெண்டு பண்ணட்டுமா?" என்றார். நீங்கள் எல்லாம் சொல்லியிருக்காவிட்டால் அங்கே தடுமாறியிருப்பேன். "பங்கு இல்லை அண்ணா, மாதம் கைக்கு வர வேண்டிய பணம்தான்" என்று எண்ணைச் சொன்னேன். "அது இப்போ என்னால முடியாதும்மா" என்றார். "தெரியும் அண்ணா, அதனால்தான் இழுக்காமல் சொல்கிறேன்" என்றேன்.

நான் பயந்த கேள்வியும் வந்தது. "இது தேறாதுன்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். தேறும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "எனக்குத் தெரியலை அண்ணா. நாளைக்கே நிச்சயம் தேறும்னு யாராவது எழுதிக் கொடுத்தாலும் 35-இல் என்னால் இந்த மாதத்தை ஓட்ட முடியாது" என்றேன். சிரித்தார். அது நல்ல சிரிப்பா என்று தெரியவில்லை.

முதலீடு வந்தால் வருவாயா என்றும் கேட்டார். "அப்போ கேளுங்க அண்ணா, என் பெயரை யாரிடமும் இப்போ சொல்ல வேண்டாம்" என்றேன். பழைய ஏடு பாணி. கொஞ்சம் முகம் சுளித்திருப்பார் என்று நினைக்கிறேன், போனில் தெரியவில்லை.

ஒருகாலத்து நிறுவனர்

சுளித்திருப்பார். நான் சுளித்திருப்பேன்.

உரத்த சிந்தனை

இரண்டு நாள் விஷயம்?

நடுப்பகல்

அதற்கு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு வேண்டாம், ஒரு நாள் போதும், அந்தப் படிவம் மட்டும் என்றார். பணம் மாதக் கடைசியில் தருகிறேன் என்றார். எழுத்தில் அனுப்பிவிட்டேன், "சரி" என்று ஒரு வார்த்தை பதில் வந்திருக்கிறது. கட்டை விரல் எமோஜிகூட இல்லை.

அனுமதிக்கு என் மேனேஜரிடம் மனு கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கடைசி பெஞ்ச்

மேனேஜர் முடியாது என்றால்?

நடுப்பகல்

மறுபடியும் போன் போட வேண்டும். இந்த முறை அவர் மாதிரி நான் "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ள முடியாது.